புருவத்தோடு முடிந்துபோகும் முகம்

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது ஒரு விளையாட்டுச் செய்தேன். பெரியப்பாவின் புகைப்படத்தையும் அவர் மகனின் புகைப்படத்தையும் எடுத்து, ஒருவர் முகத்தை இன்னொருவர் உடம்பில் பொருத்தினேன். நிரல் எழுத அரைமணி நேரம் ஆயிற்று. திரையில் பெரியப்பாவின் கண், மூக்கு, மீசை, தாடை எல்லாம் அண்ணன் கழுத்தின் மேல் அழகாக உட்கார்ந்திருந்தன. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்த பெரியப்பா கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: "ஏண்டா, என் பட்டை எங்கடா போச்சு?"

அவர் நெற்றியில் மூன்று விரலால் இழுத்த விபூதி அந்தப் படத்தில் இல்லை. விபூதி மட்டுமல்ல, அவர் நெற்றியே அங்கே இல்லை. புருவத்துக்குக் கீழே பெரியப்பா, மேலே அண்ணன். அதோடு நிற்கவில்லை. அண்ணனின் புருவம் கொஞ்சம் மேலே இருக்கும். அதனால் வலது கண்ணுக்கு மேலே இரண்டு புருவம் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்தது. இது என் நிரலில் இருந்த பிழையல்ல. நான் பயன்படுத்திய முறை தனக்குச் சொன்னதைச் சரியாகவே செய்திருந்தது. முகம் என்று அதற்குச் சொல்லப்பட்ட பொருளில் நெற்றி கிடையாது, அவ்வளவுதான்.

முதலில் அந்த முறை என்ன செய்கிறது என்று பார்ப்போம். ஒரு படத்தில் எந்தெந்தப் பிக்சல்கள் முகத்தைச் சேர்ந்தவை, எவை இல்லை என்று பிரித்துக் காட்டும் கறுப்பு வெள்ளைப் படத்தை இந்தத் துறையில் மாஸ்க் என்பார்கள். முகம் இருக்கும் இடம் வெள்ளை, மற்றதெல்லாம் கறுப்பு. முகத்தை மாற்றிப் பொருத்தவும், தோலின் நிறத்தை அளக்கவும், பின்னணியை மங்கலாக்கவும் முதலில் வேண்டியது இதுதான். அதைத் தயாரிக்கப் பலரும் முதலில் கற்கும் வழி, முகத்தில் கோலத்துக்குப் புள்ளி வைப்பதுபோல் அடையாளப் புள்ளிகளைக் கண்டுபிடித்து, வெளியோரப் புள்ளிகளைச் சுற்றி ஒரு கோடு இழுத்து, உள்ளே வெள்ளை அடித்துவிடுவது.

புள்ளி வைக்கும் வேலையை நம் சார்பில் ஒரு நிரல் செய்கிறது. ஸ்டாக்ஹோமின் கேடிஎச் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வாஹித் கசெமியும் ஜோசஃபின் சல்லிவனும் 2014-இல் ஒரு முகத்துக்கு ஒரு மில்லி வினாடியில் புள்ளி வைத்துவிடும் முறையை வெளியிட்டார்கள். டேவிஸ் கிங் உருவாக்கிய dlib என்ற இலவச நிரல் தொகுப்பில் அது இடம்பிடித்தது. அதில் வரும் புள்ளிகள் 68. இந்த 68 என்ற திட்டம் லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ஆய்வுக்குழு திரட்டிய 300-W என்ற படத் தொகுப்பிலிருந்து பரவியது.

சுழியத்திலிருந்து எண்ணினால் 0 முதல் 16 வரை தாடை: ஒரு காதின் அருகே தொடங்கி, மோவாயைச் சுற்றி, மறு காதின் அருகே முடியும். 17 முதல் 26 வரை இரண்டு புருவங்கள், புருவத்துக்கு ஐந்து புள்ளி. பிறகு மூக்குக்கு ஒன்பது, கண்களுக்குப் பன்னிரண்டு, வாய்க்கு இருபது. கூட்டிப் பாருங்கள், 68 வந்துவிடும். நெற்றிக்கு ஒன்றுகூட இல்லை.

ஏன் இல்லை? அந்தத் திட்டத்தை வகுத்தவர்கள் மறந்துவிடவில்லை. அடையாளப் புள்ளி என்றால், பத்துப் பேரிடம் ஒரே படத்தைக் கொடுத்து வைக்கச் சொன்னால் பத்துப் பேரும் ஏறத்தாழ ஒரே இடத்தில் வைக்க வேண்டும். கண்ணின் உள்மூலை அப்படிப்பட்ட இடம். உதட்டின் கோடியும் அப்படித்தான். தாடையில் ஏற்கனவே கொஞ்சம் குழப்பம் உண்டு. ஐந்தாவது புள்ளி தாடை ஓரத்தில் எங்கோ இருக்க வேண்டும் என்று தெரியும், ஆனால் ஓரத்தோடு சற்று மேலேயா கீழேயா என்று ஆளுக்கு ஆள் மாறும். நெற்றிக்குப் போனால் பிடிமானமே இல்லை. வழவழப்பான தோல், அதற்கு மேல் முடி. அந்த முடியோ ஒருவருக்குப் புருவத்தை மறைத்து விழும், ஒருவருக்கு உச்சிவரை ஏறியிருக்கும், இன்னொருவர் முக்காடு போட்டிருப்பார். ஒத்துக்கொள்ள முடியாத இடத்தில் புள்ளி வைத்தால் அதைக் கொண்டு நிரலுக்குப் பாடம் சொல்லவும் முடியாது. ஆகவே புருவத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். முகபாவத்தைக் கவனிக்க அது போதும். முகத்தின் பரப்பை வெட்டி எடுக்கப் போதாது.

இனி கோடு இழுக்கும் வேலை. வயலில் கண்டபடி முளைக்குச்சிகள் அடித்திருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கயிற்றை எல்லாவற்றுக்கும் வெளியே சுற்றி, இறுக்கி இழுத்துக் கட்டுகிறீர்கள். கயிறு வெளியோரத்துக் குச்சிகளை மட்டும் தொட்டுக்கொண்டு நேர்நேராக நிற்கும். உள்ளே இருக்கும் குச்சிகள் கயிற்றைத் தொடுவதே இல்லை. இறுக்கிய கயிறு எங்கும் உள்நோக்கி வளையாது. இந்தக் கயிறு அடைக்கும் வடிவத்துக்குத்தான் குவி உறை என்று பெயர். கணினி இதைக் கண்டுபிடிப்பதும் எளிது. பெல் ஆய்வகத்தில் இருந்த ரொனால்ட் கிரஹாம் 1972-இல் சொன்ன வழியில், மிகக் கீழே உள்ள புள்ளியில் நின்றுகொண்டு மற்றவற்றைக் கோண வரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றாக நடந்துபோக வேண்டும். இடப்பக்கமே திரும்பிக்கொண்டு போகும்வரை சரி. ஒரு புள்ளியில் வலப்பக்கம் திரும்ப நேர்ந்தால் அந்தப் புள்ளி உள்ளே கிடக்கிறது என்று பொருள், தூக்கி எறிந்துவிடலாம். இன்று OpenCV என்ற தொகுப்பில் இந்த வேலை ஒரே வரி:

```python
hull = cv2.convexHull(pts)              # pts: 68 x 2, int32
mask = np.zeros(img.shape[:2], np.uint8)
cv2.fillConvexPoly(mask, hull, 255)
```

இவ்வளவு சுருக்கமாக இருப்பதுதான் இந்த முறையின் கவர்ச்சி. நானும் அதில்தான் விழுந்தேன்.

ஆனால் அந்தக் கயிறு எந்தக் குச்சிகளைத் தொடுகிறது என்று பார்த்தால் ஒரு விஷயம் புலப்படும். நேராகக் காமிராவைப் பார்க்கும் முகத்தில் கண், மூக்கு, வாய் ஆகியவற்றின் 41 புள்ளிகளும் உள்ளே கிடக்கின்றன. மாஸ்க்கின் வடிவத்தில் அவற்றுக்கு எந்தப் பங்கும் இல்லை. அவை எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் லாபமில்லை, எவ்வளவு தவறினாலும் நட்டமில்லை. கீழ்ப்பாதியைத் தாடையின் 17 புள்ளிகள் பார்த்துக்கொள்கின்றன. மேல்பாதிக்குப் புருவத்தின் பத்துப் புள்ளிகள் இருக்கின்றனவே என்று தோன்றும். அவற்றிலும் மூக்கை ஒட்டிய உள்முனைகள் இரண்டும் சற்றுத் தாழ்ந்திருப்பதால் பெரும்பாலும் கயிற்றுக்கு உள்ளே போய்விடும். இடது புருவத்தின் உச்சியிலிருந்து வலது புருவத்தின் உச்சிக்குக் கயிறு நேராகப் பாய்கிறது. அதாவது மாஸ்க்கின் மேல் விளிம்பு முழுவதையும் நடைமுறையில் இரண்டு மூன்று புள்ளிகள் தாங்கி நிற்கின்றன. அவற்றில் ஒன்று நான்கு பிக்சல் தவறினால் விளிம்பே சாய்ந்துவிடும்.

இழப்பு எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் முகத்தை மூன்று சம பங்காகப் பிரித்தார்: மோவாயிலிருந்து மூக்கின் அடிவரை ஒன்று, அங்கிருந்து புருவ நடுவரை ஒன்று, அங்கிருந்து முடி தொடங்கும் கோடுவரை ஒன்று. எல்லா முகமும் இதற்கு அடங்காது. ஆனாலும் தோராயக் கணக்குக்கு நல்ல அளவுகோல்.

ஒரு படத்தில் முடிக்கோடு மேலிருந்து 100-ஆவது பிக்சலில் இருக்கிறது என்று கொள்வோம். புருவம் 200-இல், மூக்கின் அடி 300-இல், மோவாய் 400-இல். முகத்தின் அகலம் 220 பிக்சல். முகத்தை நீள்வட்டமாக எடுத்துக்கொண்டால், புருவக் கோட்டுக்கு மேலே இருக்கும் பகுதி மொத்தப் பரப்பில் 29 சதவீதம். உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு போகிறது. மேலே குறுகுவதால் பரப்பில் அதைவிடச் சற்றுக் குறைவாகப் போகிறது. எப்படிப் பார்த்தாலும் பத்து ரூபாயில் மூன்று ரூபாய்.

இந்த இழப்பு சோதனை எண்களில் சரியாகத் தெரிவதில்லை என்பதுதான் சிக்கல். மாஸ்க் எவ்வளவு சரி என்று அளக்க, உண்மையான முகப் பரப்போடு அது எவ்வளவு ஒன்றிப்போகிறது என்ற ஒரே விகிதத்தைச் சொல்வது வழக்கம். நம் குவி உறை மாஸ்க் கீழ்ப்பகுதியில் ஒரு பிழையும் செய்யவில்லை என்று வைத்துக்கொண்டாலும் அதன் மதிப்பெண் 71 சதவீதம். முகத்தின் வடிவத்தை அச்சாகப் பிடித்து, எல்லாப் பக்கமும் ஒரே அளவில் 16 சதவீதம் சுருங்கிப்போன இன்னொரு மாஸ்க்கும் அதே 71 தான் வாங்கும். அந்த இரண்டாவதைக் கொஞ்சம் விரித்துவிட்டால் தீர்ந்தது. முதலாவதை எவ்வளவு விரித்தாலும் நெற்றி தனியாகக் கிடைக்காது, காதும் கழுத்தும் கூடவே வந்துவிடும். ஒரே எண், இரண்டு வேறு நோய். அதனால் மாஸ்க்கை மூன்று பட்டைகளாக வெட்டி, பட்டைக்கு ஒரு மதிப்பெண் போட்டுப் பார்க்க வேண்டும் என்பேன். மேல்பட்டையில் சுழியம் வந்தால் சிக்கல் எங்கே என்று கேட்கவே வேண்டாம்.

நெற்றி போவதைவிட எனக்குப் பெரிய தொல்லையாகப் பட்டது, விளிம்பு விழும் இடம். புருவத்துக்கு நன்றாக மேலே, வெறும் தோலில் வெட்டு விழுந்திருந்தால் ஒட்டுவது எளிது, தோலும் தோலும் சேரும். இங்கே வெட்டு புருவ முடியின் மேலேயே விழுகிறது. நம் எடுத்துக்காட்டு முகத்தில் புருவத்தின் தடிமன் 15 பிக்சல் அளவுக்கு இருக்கும். ஒட்டு தெரியாமல் இருக்க மாஸ்க்கின் ஓரத்தை 15 பிக்சல் மங்கலாக்குவது எல்லோரும் செய்வதுதான். ஆக மங்கலாகும் பட்டைக்குள் புருவம் முழுவதும் அகப்பட்டுக்கொள்கிறது. பாதி பெரியப்பா புருவம், பாதி அண்ணன் புருவம். இரண்டும் ஒரே உயரத்தில் இல்லாவிட்டால் இரட்டைப் புருவம்.

பேட்ரிக் பெரெஸ், மிஷெல் காங்நே, ஆண்ட்ரூ பிளேக் மூவரும் 2003-இல் வெளியிட்ட தடமில்லாமல் ஒட்டும் முறை இதற்கு மருந்தாகும் என்று தோன்றும். OpenCV-யில் அதன் பெயர் seamlessClone. அந்த முறை விளிம்பில் இருக்கும் நிறத்தை எடுத்து உள்பக்கம் முழுவதும் மெல்லப் பரப்பி, ஒட்டுப் போட்ட இடத்தைச் சுற்றுப்புறத்தோடு இசைய வைக்கிறது. விளிம்பு வெறும் தோலில் இருக்கும்வரை அது அற்புதமாக வேலை செய்யும். விளிம்பு அண்ணனின் கறுத்த புருவத்தின் மேல் ஓடினால்? அந்தக் கறுப்பையும் அது நேர்மையாக உள்ளே பரப்பும். கண் இமையின் மேல் மை கரைந்து வழிந்ததுபோல் ஒரு கறை இறங்கும். இந்தக் கறையைப் பார்த்தால் ஒட்டும் முறையைக் குறை சொல்லி நேரத்தை வீணாக்காதீர்கள். மாஸ்க்கைப் படத்தின் மேல் பாதி தெரியும்படி போட்டு, விளிம்பு எதன் மேல் போகிறது என்று பாருங்கள்.

காணொளியில் இன்னொரு கூத்து சேரும். புருவம் முகத்திலேயே அதிகம் அசையும் உறுப்புகளில் ஒன்று. வியந்தால் ஏறும், முறைத்தால் இறங்கும். மாஸ்க்கின் கூரையை அதன் மேல் கட்டியிருக்கிறோம். பேசுகிறவர் ஒவ்வொரு முறை புருவத்தை உயர்த்தும்போதும் கூரை மேலே போய் வருகிறது, நெற்றியில் நிறம் மாறும் கோடு துள்ளுகிறது. புகைப்படத்தில் தப்பிய ஒட்டு காணொளியில் பிடிபடுவது பெரும்பாலும் இதனால்தான்.

முகம் மாற்றுவது விளையாட்டு. விளையாட்டல்லாத இடம் ஒன்றும் உண்டு. சாதாரணக் காமிராவில் முகத்தைப் பதிவுசெய்து, தோலின் நிறத்தில் கண்ணுக்குத் தெரியாமல் நிகழும் ஏற்ற இறக்கத்திலிருந்து நாடித் துடிப்பைக் கணக்கிட முடியும் என்று 2008-இல் வெர்க்ரூய்ஸும் அவருடைய கூட்டாளிகளும் காட்டினார்கள். இதயம் துடிக்கும்போது தோலடி நாளங்களில் ரத்தம் கூடிக் குறைகிறது, பச்சை நிற அலைவரிசையில் அது நன்றாகப் பதிகிறது. இதற்கு நெற்றி தோதான இடம். பரப்பு அதிகம், பேசும்போது உதடும் தாடையும் அசைவதுபோல் அசையாது, மீசை தாடி மறைக்காது. இந்த வேலைக்கு யாராவது 68 புள்ளிகளின் குவி உறையை மாஸ்க்காக வைத்தால், நல்ல தோலை வெளியே தள்ளிவிட்டு, இமைக்கும் கண்ணையும் அசையும் வாயையும் உள்ளே வைத்துக்கொண்டு அளக்கிறார் என்று பொருள்.

சரி, நெற்றியை எப்படி மீட்பது? எல்லோருக்கும் முதலில் தோன்றும் யோசனை, புருவப் புள்ளிகளை மேலே தள்ளிவிடுவது. faceswap என்ற திறந்த மென்பொருளில் extended என்ற பெயரில் உள்ள மாஸ்க் இதைத்தான் செய்கிறது. கண்ணின் மேல்வரிசைக்கும் புருவத்துக்கும் உள்ள தூரத்தை எடுத்து, அதில் பாதியைப் புருவத்துக்கு மேலே கூட்டுகிறது. நம் முகத்தில் கண்ணின் மேல் இமை 230-இல் இருக்கிறது என்றால், புருவம் 200-இல், இடைவெளி 30, பாதி 15. கூரை 185-க்கு உயர்கிறது. நெற்றி 100 பிக்சல் உயரம், கிடைத்தது 15. புருவத்தை வெட்டிலிருந்து காப்பாற்ற அது போதும். ஒட்டு இப்போது வெறும் தோலில் விழுகிறது. பாதியோடு நிறுத்திக்கொண்டது அடக்கமான, புத்திசாலித்தனமான முடிவு என்று எனக்குப் பின்னால்தான் புரிந்தது.

நான் அடக்கமாக இருக்கவில்லை. முழு நெற்றியும் வேண்டும், பாதிக்குப் பதில் 3.33 மடங்கு கூட்டினால் கூரை சரியாக 100-க்குப் போய்விடுமே என்று அப்படியே செய்தேன். அசையாத புகைப்படத்தில் சரியாகவே வந்தது. பிறகு பெரியப்பா புருவத்தை உயர்த்தினார். புருவம் 8 பிக்சல் ஏறி 192-க்குப் போகிறது. கண் அங்கேயே இருப்பதால் இடைவெளி 30-லிருந்து 38 ஆகிறது. அதை 3.33-ஆல் பெருக்கினால் 127. 192-இலிருந்து 127-ஐக் கழித்தால் கூரை 65-இல் நிற்கிறது. முடிக்கோட்டைத் தாண்டி 35 பிக்சல் முடிக்குள் போய்விட்டது. எட்டு பிக்சல் அசைவு முப்பத்தைந்தாகப் பெருகியது. முகமே அசையாவிட்டாலும் நிரல் வைக்கும் புள்ளி படத்துக்குப் படம் இரண்டு பிக்சல் நடுங்கும். அந்த நடுக்கமும் எட்டு ஒன்பது பிக்சலாக வளர்ந்து, கூரை காற்றடித்த பந்தல் துணிபோல் படபடக்கும்.

கோளாறு மேலே தள்ளுவதில் இல்லை, அளவுகோலில் இருக்கிறது. 30 பிக்சல் நீளமுள்ள ஒரு குட்டிக் கோலால், அதுவும் தானே நீண்டு சுருங்கும் கோலால், 100 பிக்சலை அளக்கப் பார்த்தேன். முகத்தில் பாவத்தோடு மாறாத, போதிய நீளமுள்ள கோல் ஒன்று வேண்டும். மோவாய்வரை எடுத்தால் வாய் திறக்கும்போது நீண்டுவிடும். மூக்கு நீளாது. கண்களுக்கு நடுவே மூக்குத்தண்டு தொடங்கும் 27-ஆவது புள்ளியும் மூக்கின் அடியில் உள்ள 33-ஆவது புள்ளியும் நமக்குக் கிடைத்திருக்கின்றன. நம் முகத்தில் அவை 220-இலும் 300-இலும் இருக்கும், கோலின் நீளம் 80. புருவத்திலிருந்து முடிக்கோட்டுக்கு 100 பிக்சல், அதாவது ஒன்றேகால் மடங்கு. இப்போது புருவம் 8 பிக்சல் ஏறினால் கூரையும் 8 மட்டுமே ஏறும். இந்தக் கோல் திசையையும் சேர்த்தே சொல்கிறது என்பது கூடுதல் லாபம். தலை சாய்ந்தால் மூக்கும் சாயும், நெற்றியும் அதே பக்கம் போகும்.

ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. பத்துப் புள்ளிகளையும் ஒரே உயரத்துக்குத் தூக்கினால் நெற்றி தீப்பெட்டிபோல் மூலை மூலையாக நிற்கும், பொட்டுப் பக்கத்து முடியெல்லாம் உள்ளே வந்துவிடும். நெற்றி ஒரு வளைவு. நடுவில் முழு அளவும் ஓரத்தில் குறைவாகவும் தூக்க வேண்டும்:

```python
up = pts[27] - pts[33]
w = np.array([.4, .75, 1., 1.15, 1.25,
              1.25, 1.15, 1., .75, .4])[:, None]
top = (pts[17:27] + w * up).astype(np.int32)
hull = cv2.convexHull(np.vstack([pts, top]))
```

இந்த எடைகள் வேதவாக்கல்ல, நான் கண்ணால் பார்த்துத் திருத்தியவை. உங்கள் படங்களுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

இத்தோடு தீர்ந்துவிட்டதா என்றால் இல்லை. நெற்றி பின்னோக்கிச் சரிந்த ஒரு பரப்பு, மூக்கு முன்னே நீட்டிக்கொண்டிருப்பது. குனிந்தால் நெற்றி காமிராவுக்கு நேராகத் திரும்பி நீண்டு தெரியும், அண்ணாந்தால் சட்டென்று குறுகிவிடும். மூக்குக் கோல் அதே விகிதத்தில் மாறாது. ஆகவே ஒன்றேகால் என்ற எண் நேராகப் பார்க்கும் முகத்துக்கே பொருந்தும். பக்கவாட்டில் திரும்பும் முகத்திலோ குவி உறையின் எதிர்ப்பக்கக் குறை வெளிப்படும். முக்கால் பக்கமாகத் திரும்பிய முகத்தில் புருவ எலும்புக்கும் கன்ன எலும்புக்கும் நடுவே ஓரம் உள்வாங்கியிருக்கும். இறுக்கிய கயிறு அந்தப் பள்ளத்துக்குள் வளையாது, நேராகத் தாண்டும். பின்னால் இருக்கும் சுவரும் சன்னலும் கொஞ்சம் முகம் ஆகிவிடும். நெற்றியில் போதாமல் போகிற அதே கயிறு கண்ணோரத்தில் மிகுந்துவிடுகிறது. மேலே சொன்ன மென்பொருளில் உள்ள components என்ற மாஸ்க் இதற்காகவே முகத்தைத் துண்டுகளாகப் பிரித்து, துண்டுக்கு ஒரு கயிறு கட்டி, எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்கிறது. பள்ளம் ஓரளவு சரியாகும். கூரை மட்டும் அதே புருவத்தில்தான் நிற்கும்.

புள்ளிகளின் எண்ணிக்கையைக் கூட்டினால்? கூகுளின் MediaPipe முகவலையில் 468 புள்ளிகள் உண்டு, நெற்றியிலும் உண்டு. பலர் அதற்கு மாறியதும் சிக்கல் ஒழிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். பாதி ஒழிந்தது, அவ்வளவே. அந்த வலை ஒரு பொது முகத்தின் வார்ப்பு. அதைக் கண், மூக்கு, வாய்க்குப் பொருத்தும்போது நெற்றிப் புள்ளிகள் கூடவே வந்து உட்காருகின்றன. அவை முடிக்கோட்டைத் தேடிக் கண்டுபிடித்த புள்ளிகள் அல்ல. அகன்ற நெற்றிக்காரருக்கு வலை பாதியில் நின்றுவிடும். நெற்றியில் முடி விழுந்திருந்தால் அந்த முடியின் மேலேயே விரித்துக்கொள்ளும்.

புள்ளி எத்தனை இருந்தாலும் அவை சொல்வது முகத்தின் அமைப்பை மட்டும்தான். தோல் எங்கே முடிந்து முடி எங்கே தொடங்குகிறது என்று தெரிய வேண்டுமானால் பிக்சலைத்தான் கேட்க வேண்டும். எனக்குப் பிடித்த நடுவழி, புள்ளிகளையும் பிக்சலையும் பேச வைப்பது. 2004-இல் ரோதர், கோல்மோகோரோவ், பிளேக் மூவரும் தந்த GrabCut முறையில், பழைய 68 புள்ளி உறைக்குள் இருப்பதை 'நிச்சயம் முகம்' என்றும், நாம் தூக்கிய நெற்றிக்கூரைக்குள் கூடுதலாக வந்ததை 'முகமாக இருக்கலாம்' என்றும், வெளியே இருப்பதை 'முகமல்ல' என்றும் குறித்துக் கொடுத்துவிட வேண்டும். நிறத்தைப் பார்த்து நடுப்பகுதியை அது பிரித்துத் தரும். கறுத்த முடியும் அதைவிட வெளிறிய தோலும் இருந்தால் முடிக்கோடு அழகாக வந்து நிற்கிறது. நெற்றியில் முடியின் நிழல் அடர்த்தியாக விழுந்தால் நிழலையும் முடி என்று வெட்டிவிடும். தோலும் முடியும் அடுத்தடுத்த நிறமாக இருப்பவர்களுக்கும் திணறும்.

இதைவிட நன்றாகச் செய்வது, பிக்சலுக்குப் பிக்சல் தோல், முடி, புருவம், தொப்பி என்று பெயர் சொல்லப் பயிற்றுவித்த வலையமைப்புகள். அவற்றுக்குப் பாடப்புத்தகமாக இருக்கும் CelebAMask-HQ தொகுப்பில் 30,000 முகப் படங்கள் 19 வகையாகப் பிரித்து வண்ணம் தீட்டப்பட்டிருக்கின்றன. நெற்றி அங்கே தோலின் ஒரு பகுதியாகத் தானாகவே வந்துவிடுகிறது. அவை பிரபலங்களின் படங்கள் என்பதையும் மறக்க வேண்டாம். நல்ல வெளிச்சம், பெரும்பாலும் நேர்ப்பார்வை. நெற்றி நிறைய விபூதி பூசிய கிராமத்துப் பெரியவர் முன்னால் அந்த வலையமைப்பு என்ன சொல்லும் என்பதைச் சோதித்துப் பார்த்துத்தான் நம்ப வேண்டும்.

பெரியப்பாவின் படத்தை மூக்குக் கோலும் GrabCut-உமாகச் சேர்த்து மறுபடி ஓட்டினேன். பட்டை வந்தது, ஆனால் ஓரம் கடிபட்டு வந்தது. வெண்ணீற்றின் நிறம் தோலைவிடப் பின்னாலிருந்த வெள்ளைச் சுவருக்கு நெருக்கம், நிரல் அதைச் சுவரோடு சேர்த்திருந்தது. கூரைக்குள் இருந்த பட்டைப் பகுதியைக் கையால் 'நிச்சயம் முகம்' என்று குறித்த பிறகுதான் முழுதாக வந்தது.

நீங்கள் இதைச் செய்து பார்ப்பதாக இருந்தால் புகைப்படத்தில் தொடங்காதீர்கள். யாரையாவது காமிரா முன் பத்து வினாடி உட்கார வைத்து, தலையை அசைக்காமல் புருவத்தை மட்டும் நான்கைந்து முறை ஏற்றி இறக்கச் சொல்லுங்கள். மாஸ்க்கின் மேல் விளிம்பு ஒவ்வொரு படத்திலும் எந்தப் பிக்சலில் நிற்கிறது என்று ஒரு வரைபடம் போடுங்கள். புருவம் ஏறிய அளவுக்கு மேல் அந்தக் கோடு துள்ளினால் உங்கள் அளவுகோல் தவறு. முதலில் அதை மாற்றுங்கள், ஒட்டும் வேலை பிறகு.